ஐசி அறிக்கையை போர்டு மினிட்ஸில் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒரு பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரித்த உள் குழுவான ஐசியின் அறிக்கை போர்டு மீட்டிங்குக்கு வருகிறது. எம்.டி. "மினிட்ஸ்ல எதுவும் வரக்கூடாது" என்கிறார். எதுவுமே எழுதாமல் விடலாமா? எழுதினால் எவ்வளவு?

பதில்:

விடக்கூடாது. கம்பெனி செக்ரட்டரியாக இருப்பதால் இந்த "எதுவும் வரக்கூடாது" எனக்குப் பழகிய வசனம்தான். எம்.டி.யின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 போஷ் சட்டத்தின் 16-வது பிரிவு புகாரின் உள்ளடக்கம், இரு தரப்பு மற்றும் சாட்சிகளின் அடையாளம், விசாரணை விவரம், குழுவின் பரிந்துரை, நிர்வாகம் எடுத்த நடவடிக்கை என எதையும் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 13-வது பிரிவு பரிந்துரை கிடைத்த 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. நாளைக்கு யாராவது அப்பீல் போனால், எடுத்தோம் என்று காட்ட உங்களிடம் ஒரு தாள் வேண்டும்.

முதலில் இது போர்டுக்கு வந்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள். நடவடிக்கை எம்.டி.யின் அதிகாரத்துக்குள் முடியுமானால், போர்டுக்கு எண்ணிக்கை மட்டும் போதும். பதவி நீக்கம் போல போர்டு முடிவு தேவை என்றால்தான் அறிக்கை வர வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம். அறிக்கை ஜூன் 10-ல் நிர்வாகத்துக்கு வந்தது. 60 நாள் ஆகஸ்ட் 9-ல் முடிகிறது. போர்டு ஜூலை 18-ல் கூடுகிறது. புதிதாக எழுதுபவர் இப்படித் தொடங்குவார்: "டெஸ்பாட்ச் பிரிவின் பெண் சூப்பர்வைசர், மார்ச் மாத டீலர் மீட்டில் நடந்தது குறித்து அளித்த புகார்..." பெயர் எங்கேயும் இல்லைதான். ஆனால் அந்தப் பிரிவில் பெண் சூப்பர்வைசர் ஒரே ஒருவர் என்றால் ஆடிட்டரின் உதவியாளருக்கும் யாரென்று தெரிந்துவிடும். பிரிவு, பதவி, ஊர், மாதம் நான்கும் சேர்ந்தால் அது பெயர்தான்.

நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருள் 7 (ரகசியம்): மாலை 4.10-க்கு, இயக்குநர்களும் கம்பெனி செக்ரட்டரியும் தவிர அனைவரும் வெளியேறினர். கோரம் இருந்தது. ஜூன் 10 அன்று பெறப்பட்ட ஐசி/3 எண் அறிக்கை (22 பக்கங்கள்) முன்வைக்கப்பட்டது. இயக்குநர்கள் படித்து விவாதித்தனர். குழுவின் பரிந்துரைகளை ஏற்று, சட்டக் காலக்கெடுவான ஆகஸ்ட் 9-க்குள் நிறைவேற்ற நிர்வாக இயக்குநருக்கு அதிகாரம் அளித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அறிக்கை தலைவரின் சுருக்கொப்பத்துடன் சீலிட்ட உறையில் செக்ரட்டரியின் பொறுப்பில் வைக்கப்பட்டது. 4.45-க்கு மற்றவர்கள் திரும்பினர்."

என்ன ஆவணம், எப்போது வந்தது, யார் இருந்தார்கள், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் இதில் உண்டு. தண்டனை என்ன என்பதுகூட இல்லை. அது உறைக்குள் இருக்கும் அறிக்கையில் இருக்கிறது. பக்க எண்ணிக்கை ஏன் என்று கேட்பார்கள். பின்னால் ஒரு தாள் குறைந்தாலோ மாறினாலோ பிடிபடத்தான். எதிர்த்து வாக்களித்த இயக்குநர் இருந்தால் அவர் பெயர் வர வேண்டும். அவர் சொன்ன காரணத்தில் ஆள் அடையாளம் தெரிந்தால் அந்தக் காரணமும் உறைக்குள் போகட்டும்.

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் "அனைவரும் வெளியேறினர்" என்ற வரி. புகாருக்கு உள்ளானவர் வழக்கமாக மீட்டிங்கில் உட்காரும் சேல்ஸ் ஹெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7-வது பொருளுக்கு மட்டும் அவர் தனியாக எழுந்து போனதாகப் பதிவானால் மினிட்ஸே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இயக்குநர் அல்லாத எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். சிஎஃப்ஓ முணுமுணுப்பார், பரவாயில்லை.

மினிட்ஸ் சரியாக இருந்தும் மற்ற வழிகளில் கசியும். அஜெண்டாவில் "ரகசியப் பொருள்" என்று மட்டும் போட்டு, அறிக்கையை எண்ணிட்ட பிரதிகளாக அறையிலேயே கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். டிராஃப்ட் மினிட்ஸ் 15 நாளுக்குள் இயக்குநர்களுக்குப் போக வேண்டும். அது அவர்களுடைய பி.ஏ.க்களின் மெயிலில்தான் திறக்கப்படும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். வீடியோ மீட்டிங் என்றால் ரெக்கார்டிங்கைப் பத்திரப்படுத்துவது விதி. அதனால் அந்த அரை மணி நேரப் பேச்சும் கோப்பாக இருக்கும், ஐ.டி. ஆளின் கைக்கு எட்டும் இடத்தில். இந்த ஒரு பொருளை நேரில் வைத்துக்கொள்வது நல்லது.

புகார் ஒரு இயக்குநர் மீதே என்றால் இந்த மறைப்பு முழுதாகச் செல்லாது. கோரம் கணக்குக்காக அவர் வெளியேறியதைப் பெயரோடு எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது "இப்பொருளில் பங்கேற்கவில்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள், காரணம் வேண்டாம். புகார் கொடுத்தவரைப் பற்றி அப்போதும் ஒரு சொல்கூட வரக்கூடாது.