பணத்தை எண்ணும் முன் பனியனை எண்ணுங்கள்: திருப்பூர், ஈரோடு கொள்முதல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டைச் சரக்கைப் பற்றியவை. ஊரில் சிறிய கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்தே விற்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் மூட்டை தூக்கிப் பழகியதும் அந்தத் தெருக்களில்தான் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

120 பீஸ் என்று சொல்லித் தைத்த மூட்டையை வாங்கி வந்தேன். வீட்டில் எண்ணினால் 114. கடையில் கூட்டம் அதிகம், எல்லாவற்றையும் பிரித்து எண்ண விடுவதில்லை. என்ன செய்வது?

எடை போடுங்கள். 10 கிராம் வரை காட்டும் கொக்கித் தராசு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். முழு மூட்டையையும் பிரிக்க மறுக்கும் கடைக்காரர்கூட ஒரு செட்டைப் பிரிக்க மறுக்கமாட்டார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வட்டக்கழுத்து டி-சர்ட், ஒரு செட்டுக்கு 6 பீஸ்: எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1. மூட்டைக்கு 20 செட். கவரோடு ஒவ்வொரு அளவையும் எடை போட்டேன். எஸ் 140 கிராம், எம் 155, எல் 170, எக்ஸ்எல் 190. ஒரு செட் 980 கிராம் வந்தது. இருபது செட்டுக்கு 19 கிலோ 600 கிராம். வெறும் சாக்கு 150 கிராம். ஆக மூட்டை 19 கிலோ 750 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 19 கிலோ 200.

550 கிராம் குறைகிறது, மூன்று நான்கு பீஸ் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். பிரித்து எண்ணினால் 120 பீஸும் இருந்தன! ஆனால் எக்ஸ்எல் 20 இருக்க வேண்டிய இடத்தில் 12, எல் 40 இருக்க வேண்டிய இடத்தில் 35. எஸ் மட்டும் 33. விற்காமல் தங்கிய சின்ன அளவுகளைப் பெரிய அளவுகளின் இடத்தில் போட்டுக் கட்டியிருந்தார்கள். தலையை மட்டும் எண்ணியிருந்தால் 'கணக்கு சரி' என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். எங்கள் ஊரில் எஸ் அளவு எளிதில் நகராது. அந்த 13 பீஸும் அலமாரியிலேயே கிடந்திருக்கும். பணம் இன்னும் என் கையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.

எடை குறைந்தால் ஏதோ தவறு என்று மட்டும்தான் தெரியும். பீஸ் குறைவா, அளவு மாறியதா, நடுவில் மெல்லிய துணி சொருகியதா என்பதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: பருத்தி ஈரத்தை இழுக்கும். மழைநாளில் அதே சரக்கு கனமாகத் தெரியும். அதனால் மாதிரி செட்டையும் மூட்டையையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடை போடுங்கள். போன மாதம் எழுதி வைத்த எடையோடு ஒப்பிட வேண்டாம்.

'180 ஜிஎஸ்எம் துணி' என்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தொட்டுப் பார்த்து எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாஃப்ட்னர் போட்டு முடித்த மெல்லிய துணியும் கைக்குக் கெட்டியாக, கொழுகொழுவென்றுதான் தெரியும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். இதைப் பார்க்க வட்டமாகத் துணி வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் இருக்கிறது. அது வெட்டும் வட்டத்தின் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைத்துவிடும். 1.80 கிராம் என்றால் 180. 1.62 என்றால் 162தான், கடைக்காரர் எதைச் சொன்னாலும். இதற்கு நகைத் தராசு போல நூறில் ஒரு கிராம் காட்டும் சிறிய தராசு வேண்டும்.

ஒரு பீஸை வெட்ட வேண்டியிருப்பதால் அதற்கு விலை கொடுத்து வாங்கிவிடுங்கள். மார்பு, தோள், கை, கழுத்துப் பக்கம் என்று மூன்று நான்கு இடங்களில் வெட்டிச் சராசரி பாருங்கள். ஐந்து சதவீதம் முன்பின் இருப்பது தொழிலில் வழக்கம். 180க்கு 171 வந்தால் சண்டை போட வேண்டாம். 162 என்பது பத்து சதவீத நூல் குறைவு, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கட்டர் இல்லாதவர்கள் முதல் முறை வாங்கிய நல்ல பீஸ் ஒன்றை எப்போதும் உடன் எடுத்துச் செல்லலாம். நீளம், மார்பளவு இரண்டும் ஒத்துப்போகும் புதிய பீஸை அதோடு எடை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

500 பீஸ் எடுக்கிறேன். எத்தனை பீஸைப் பிரித்துப் பார்த்தால் போதும்?

'பத்து பார்த்தேன், பத்தும் சுத்தம்' என்று எழுதுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. 500 பீஸில் 25 டேமேஜ் கலந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஐந்து சதவீதம். நீங்கள் 20 பீஸ் எடுத்துப் பார்த்தால், ஒரு டேமேஜ்கூடக் கண்ணில் படாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 50 பீஸ் பார்த்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஏழாகக் குறைகிறது. ஆகவே 500க்கு 50 பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

எதை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவர்கள் கையில் கொடுப்பதைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மூட்டையிலும் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் நீங்களே உருவி எடுங்கள்.

எடுத்த பீஸுக்குள் கையை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணி விட்டுப்போன இடமும், ஊசி குத்திய ஓட்டையும் அப்போதுதான் தெரியும். தையலை ஒட்டிய ஓட்டைகளை விடாதீர்கள். வாங்கும்போது கடுகளவு இருப்பது இரண்டு துவைப்பில் பட்டாணி அளவாகிவிடும். பிறகு கழுத்து ரிப்பை நன்றாக விரித்து விடுங்கள். திரும்பச் சுருங்காமல் தொங்கினாலும், தையல் நூல் பட்டென்று அறுந்தாலும் அந்த மூட்டையைத் தள்ளி வையுங்கள். கடைசியாக ஒரே நிறத்தில் நான்கைந்து பீஸ்களை வெயிலில் அருகருகே விரியுங்கள். வேறு வேறு முறை சாயமேற்றிய துணி கலந்திருந்தால் நிறத்தில் ஒரு படி வித்தியாசம் தெரியும்.

லேபிள் வெட்டிய 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' நம்பி வாங்கலாமா?

லேபிளைக் கத்தரிக்க ஒரு கத்தரிக்கோல் போதும். அது ஏற்றுமதிக்கு அத்தாட்சி ஆகாது. உண்மையான மிச்சச் சரக்கில் அளவு விகிதம் ஒழுங்காக இருக்காது, ஒரே டிசைன் நிறையவும் கிடைக்காது. 'எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், எல்லா அளவும் உண்டு' என்றால் அது உள்ளூருக்காகத் தைத்தது. உள்ளூர்ச் சரக்கு என்பதால் மட்டம் என்று சொல்லவில்லை. அதை உள்ளூர் விலைக்கு வாங்குங்கள்.

பெரிய நிறுவனங்களின் பெயரும் சின்னமும் போட்ட போலிகளை மட்டும் தொடவே வேண்டாம். வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-இன்படி போலிச் சின்னமிட்ட பொருளை விற்பவருக்கும் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தைத்தவர் தப்பித்துவிடலாம், கடையில் தொங்கவிட்டிருப்பவர் நீங்கள்தான்.

முதல் துவைப்பிலேயே சுருங்கி, பக்கத்துத் தையல் முன்னால் திரும்பிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.

இதைக் கடையில் நின்றபடி கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் இரண்டு பீஸ் வாங்குங்கள். பேனாவால் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 25 சென்டிமீட்டருக்குக் கோடு போடுங்கள். இரவு தங்கும் அறையில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். காலையில் 24 சென்டிமீட்டர் இருந்தால் நான்கு சதவீதச் சுருக்கம், ஏற்கலாம். 23 ஆகிவிட்டால் எட்டு சதவீதம். எல் வாங்கியவர் அதை எம் என்றுதான் சொல்வார். தையல் திரும்பியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்கிவிடும் காம்பாக்டிங் வேலையைச் செய்யாமல் அவசரமாக வெட்டியிருந்தால் இந்தச் சுருக்கம் வரும்.

கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு என்றால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க, ஈர வெள்ளைக் கைக்குட்டையால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். இதைக் கடையிலேயே செய்யலாம்.

ஈரோடு வாரச் சந்தைக்கு முதல் முறை போகிறேன். துண்டு, லுங்கி வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை மாலையே வியாபாரம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். இரவு விளக்கில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அளவு நாடா அவசியம்: அட்டையில் 30க்கு 60 அங்குலம் என்று அச்சிட்டிருக்கும் துண்டு, விரித்து அளந்தால் 28க்கு 56 வருவதுண்டு. பரப்பில் அது பதின்மூன்று சதவீதம் குறைவு. லுங்கியையும் மடிப்போடு பார்க்காமல் முழுதாக விரித்து, இரண்டு மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் லாரி ஆபீசில் போட்டுவிடுகிறேன் என்கிறார். பணத்தை முன்பே அனுப்பலாமா?

பழகாத கடை என்றால் முன்பணம் சிறிதளவு, மீதி மூட்டை தைக்கும் முன் நேரில். லாரி ஆபீஸ் ரசீது மூட்டைகளின் எண்ணிக்கைக்குத்தான் பொறுப்பேற்கும். உள்ளே எத்தனை பீஸ் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அந்த வழக்கு உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையில்தான்.

நான் செய்வது இது: எண்ணி முடித்ததும் அளவு வாரியாகத் துண்டுச் சீட்டில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி மூட்டைக்குள் வைப்பேன், நகல் என் பையில். கண்முன்னே சாக்கைத் தைக்கச் சொல்லி, தையல்மேல் மார்க்கரால் குறுக்காகக் கையெழுத்திடுவேன். மூட்டையின் எடையைப் பில்லின் பின்புறம் எழுதிக்கொள்வேன். ஊரில் இறக்கும்போது கையெழுத்துக் கோடு விலகியிருந்தாலோ எடை மாறியிருந்தாலோ, லாரி ஆபீசிலேயே அவர்கள் முன்னிலையில் பிரித்து, ரசீதில் குறிப்பு எழுதி வாங்கிய பிறகுதான் மூட்டையை எடுப்பேன்.

பில் கட்டாயம் கேளுங்கள். 'பில் இல்லாமல் ஐந்து ரூபாய் குறைவு' என்பார்கள். பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி ஐந்து சதவீதம்தான். 100 ரூபாய் டி-சர்ட்டில் நீங்கள் மிச்சம் பிடிப்பது அந்த ஐந்து ரூபாய். அடுத்த வாரம் 13 பீஸை மாற்றப் போகும்போது, 'இது எங்கள் சரக்கே இல்லை' என்று அவர் சொன்னால் நீட்டிக் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.