கைப்பிடியை நீட்டினால் ஜாக் வேகமாக ஏறுமா?

கேள்வி: என்னிடம் 3 டன் பாட்டில் ஜாக் இருக்கிறது. வண்டியை 12 செ.மீ. தூக்க 90 முறை அடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு இவ்வளவு ஆகாது. கைப்பிடியில் குழாயை மாட்டி நீட்டினால் சீக்கிரம் ஏறுமா? அளந்து பார்த்தேன்: சிறிய பிஸ்டன் விட்டம் 10 மி.மீ., ஒரு அடிக்கு அது 18 மி.மீ. இறங்குகிறது. தூக்கும் ராம் விட்டம் 30 மி.மீ. கைப்பிடி 50 செ.மீ.; அதன் அச்சிலிருந்து சிறிய பிஸ்டன் 2.5 செ.மீ. தள்ளி இருக்கிறது.

பதில்: ஏறாது. அடிப்பது இலகுவாகும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே உங்கள் ஜாக்கில் கோளாறு இருப்பதைச் சொல்லிவிடலாம்.

முதலில் விசையைப் பார்ப்போம். கைப்பிடி ஒரு நெம்புகோல், 50-ஐ 2.5-ஆல் வகுத்தால் 20 மடங்கு. நீங்கள் 15 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் சிறிய பிஸ்டன் மேல் 300 கிலோ விழும். அந்த அழுத்தம் எண்ணெய் முழுக்க ஒரே அளவில் பரவி ராமின் அடியிலும் தள்ளுகிறது. ராமின் விட்டம் 3 மடங்கு என்றால் பரப்பு 9 மடங்கு. ஆக 2,700 கிலோ. உராய்வில் கொஞ்சம் போனாலும் வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்க இது தாராளம்.

இதற்கான விலையைத் தூரத்தில் கொடுக்கிறோம். சிறிய பிஸ்டன் 18 மி.மீ. இறங்கும்போது வெளியேறும் எண்ணெய், 9 மடங்கு பரப்புள்ள இடத்தில் போய்ப் பரவுவதால் ராம் 2 மி.மீ. மட்டுமே ஏறும். உங்கள் கையோ 36 செ.மீ. நகர்கிறது. விசை 180 மடங்கு கூடியது, தூரம் 180 மடங்கு குறைந்தது. பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல வெறும் இரண்டு பிஸ்டன்கள் என்றால், 12 செ.மீ. தூக்க சிறிய பிஸ்டன் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். ஜாக்கில் அதைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்துக் கொடுப்பவை உள்ளே இருக்கும் இரண்டு குண்டு வால்வுகள். ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை உள்ளே விடும். மற்றொன்று ராமுக்குப் போன எண்ணெயைத் திரும்ப விடாது.

ஒரு அடிக்கு 2 மி.மீ. என்றால் 12 செ.மீ.க்கு 60 அடிதான் கணக்கு. உங்களுக்கு 90 ஆகிறது. அதாவது ஒவ்வொரு அடியிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் ராமுக்குப் போய்ச் சேரவில்லை.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஜாக்கின் மேல் எதையும் வைக்காமல் 10 முறை அடித்து, ராம் எவ்வளவு ஏறியது என்று அளந்து பாருங்கள். 20 மி.மீ. வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கும், அல்லது எண்ணெய் குறைந்திருக்கும். ரிலீஸ் வால்வைத் திறந்துவைத்து பத்துப் பதினைந்து முறை வேகமாக அடித்துவிட்டு மூடுங்கள். காற்று என்றால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சும்மா இருக்கும்போது 20 மி.மீ. ஏறி, சுமை வந்ததும் குறைகிறது என்றால் அழுத்தம் கூடும்போது ஏதோ கசிகிறது. சிறிய பிஸ்டனின் கழுத்தில் எண்ணெய் கசிந்தால் அதன் சீல் தேய்ந்திருக்கிறது. சுமையோடு நிறுத்தியதும் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் ராம் பக்கத்து வால்வு குண்டு சரியாக உட்காரவில்லை. அடியில் அழுக்கு சிக்கியிருக்கலாம். கைப்பிடி அசையாமல் வண்டி மட்டும் மெல்ல இறங்கினால் ரிலீஸ் வால்வையும் ராம் சீலையும் பாருங்கள். இந்தச் சோதனையின்போது வண்டிக்கு ஸ்டாண்டு கொடுத்திருக்க வேண்டும், அடியில் யாரும் போகக் கூடாது.

குழாய் விஷயத்துக்கு வருவோம். கைப்பிடியை ஒரு மீட்டர் ஆக்கினாலும் சிறிய பிஸ்டன் அதே 18 மி.மீ.தான் இறங்கும், கை மட்டும் இரட்டிப்புத் தூரம் வீச வேண்டும். அதே 15 கிலோ அழுத்தம் இப்போது 5,400 கிலோ ஆகிவிடும், அது 3 டன் ஜாக்கின் வரம்பைத் தாண்டியது. அதிகச் சுமையில் திறந்துகொள்ளும் வால்வு சில ஜாக்குகளில் உண்டு, எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கைப்பிடி நீளத்தை ஒரு பாதுகாப்பு அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால் சிறிய பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். 14 மி.மீ. விட்டம் என்றால் ஒரு அடிக்கு ஏறக்குறைய 4 மி.மீ. ஏறும், ஆனால் கைக்கு 30 கிலோ பளு வரும். கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் இதே கணக்குதான். அதனால்தான் பிரஸ்ஸின் மேசையைச் சட்டத்தில் துளை மாற்றி மாட்டி வேலைக்கு அருகில் கொண்டுவந்து வைக்கிறார்கள். வெறும் இடைவெளியைக் கடக்க அடிகளை வீணாக்குவானேன்?

எண்ணெய் ஊற்றுவதானால் ராமை முழுக்க இறக்கிவிட்டு, நிரப்பும் துளை வரை ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள். ராம் ஏறியிருக்கும்போது நிரப்பினால், இறக்கும்போது திரும்பும் எண்ணெய்க்கு தொட்டியில் இடமிருக்காது. பிரேக் ஆயில் வேண்டாம், சாதாரண ஜாக் சீல்களை அது உப்பவைத்துக் கெடுத்துவிடும்.