மண்டபத்தில் லைவ் சுற்றிக்கொண்டே நிற்கிறதா?

"தண்டையார்பேட்டை மண்டபத்தில் ஞாயிறு என் தங்கை கல்யாணம். துபாயில் இருக்கும் மாமாவுக்காக யூடியூப் லைவ். வீட்டில் நன்றாக வந்தது, மண்டபத்தில் சுற்றுகிறது. என்ன செய்ய?"

தம்பி, ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடை விடுங்கள், அப்லோடைப் பாருங்கள். 720p படத்துக்கு சுமார் 4 எம்பிபிஎஸ் போகும். அதைப்போல் இரண்டு மடங்கு காட்டினால்தான் நிம்மதி. 3, 4 என்று ஏறி இறங்கினால் 480p-க்கு இறக்கிவிடுங்கள். மாமாவுக்குத் தாலி கட்டுவது தடையில்லாமல் தெரிந்தால் போதும்.

காலி மண்டபத்தில் பார்ப்பது கணக்கில் வராது. முகூர்த்தத்துக்குக் கூட்டம் கூடினால் எல்லார் போனும் ஒரே டவரைத்தான் இழுக்கும். முந்தின நாள் வரவேற்பில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது மேடையருகே நின்று பாருங்கள். அங்கே சிக்னல் படுத்தினால், இன்னொரு போனை ஜன்னலோரம் சார்ஜரில் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுங்கள். படம் எடுக்கும் போனை ஃபிளைட் மோடில் போட்டு வைஃபை மட்டும் ஆன் செய்யுங்கள். வைஃபை காலிங்கையும் ஆஃப் செய்துவிட்டால், நடுவில் சிம் அழைப்பு வந்து லைவை வெட்டாது.

அப்புறம் சத்தம். நாதஸ்வரக்காரர் பக்கத்தில் போனை வைத்தால் கெட்டிமேளத்தில் ஒலி கரகரவென்று உடையும். வரவேற்பிலேயே ஐந்து நிமிடம் லைவ் போட்டு, மாமாவை இயர்போனில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமையால் லைவே நிற்கலாம்.

Unlisted வையுங்கள். ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம், அதனால் முடிந்ததும் Private ஆக்குங்கள். புதுச் சேனல் என்றால் லைவ் அனுமதிக்கு 24 மணி நேரம் வரை ஆகும், போனிலிருந்து போட 50 சந்தாதாரர்களாவது வேண்டும். இன்றே பாருங்கள்.