மாதத்தில் ஒரு ஞாயிறு காலை: மருத்துவருக்கான பதிவு அட்டவணை

கேள்வி: கரூர் மாவட்டத்தில் சிறிய ஊர் ஒன்றில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். காலையும் மாலையும் ஓபி. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் தினமும் ஏதாவது போட்டால்தான் எடுபடும் என்று சொல்லி, மாதம் 18,000 ரூபாய்க்கு 30 போஸ்டரும் 4 ரீல்ஸும் செய்து தருவதாக ஓர் ஏஜென்சி கேட்கிறது. நானே செய்தால் எவ்வளவு நேரம் ஆகும்? எதைப் போடுவது?

பதில்: டாக்டர், தினமும் போட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். செவ்வாய் இரவு ஒரு நிமிட வீடியோ, வெள்ளி இரவு ஓர் எழுத்து அட்டை. மாதத்துக்கு எட்டு ஆகிறது. எட்டையும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு பின்னூட்டம் பார்க்க வாரத்துக்கு இருபது நிமிடம். முதல் மாதம் மட்டும் கை பழகும்வரை நான்கு மணி நேரம் பிடிக்கும்.

அந்த 30 போஸ்டரில் என்ன இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்கு வாழ்த்து, உலக இருதய தினம், உலக சிரிப்பு தினம், யாரோ வெளிநாட்டுக் குழந்தையின் படத்துக்கு மேல் உங்கள் பெயர். அதே அட்டை பக்கத்து ஊர் பல் மருத்துவருக்கும் லோகோ மாற்றிப் போகும். காய்ச்சலோடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபோனைத் தடவும் அம்மாவுக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்படாது. எண்ணிக்கையைக் காட்டிப் பணம் வாங்குவதற்காகச் செய்யப்படுபவை இவை.

நீங்களே செய்யும்போது தடங்கல் வருவது கேமராவில் இல்லை. ஞாயிறு காலை உட்கார்ந்த பிறகு 'எதைப் பேசுவது' என்று யோசிக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். அதனால் யோசிக்கும் வேலையை ஓபியிலேயே முடித்துவிடுங்கள். நர்ஸ் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். பெற்றோர் கேட்கும் கேள்வியை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "வாய்வழி நீரேற்றம்" என்று எழுதினால் பயனில்லை; "அந்தப் பவுடரை ஒரு டம்ளர் தண்ணியில கலக்கலாமா சார்?" என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் அதிகம் திரும்பி வந்த நான்கு கேள்விகளை மட்டும் எடுங்கள். நான்கு கேள்வி என்றால் நான்கு வீடியோ. அதே நான்கையும் இரண்டு வாரம் தள்ளி எழுத்து அட்டையாகப் போட்டால் எட்டு வந்துவிட்டது. வீடியோவைத் தவறவிட்டவர்கள்தான் எப்போதும் அதிகம். ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறோமே என்று கூச வேண்டாம்.

அந்த ஓஆர்எஸ் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் நூறு தமிழ்ச் சொற்கள்தான் போகும். முழுவதையும் எழுதி வைத்துப் படித்தால் கண் காகிதத்துக்கே ஓடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதுங்கள். நடுவில் மூன்று குறிப்பு போதும். முதல் வாக்கியத்திலேயே விடை வந்துவிட வேண்டும்: "ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்காதீங்க, முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கலக்குங்க." அடுத்து மூன்று குறிப்பு. தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு கூடிப்போகும், அது குழந்தைக்குக் கெடுதல். சின்னப் பாக்கெட் என்றால் 200 மில்லி தண்ணீர், எது என்று பாக்கெட்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடைசி வாக்கியம் எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது: "கண்ணு குழி விழுந்தாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னாலோ பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க." 'எங்கள் கிளினிக்குக்கு வாங்க' என்று முடிக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

வீடியோவில் மருந்தின் மில்லி அளவைச் சொல்லவே வேண்டாம். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது; சொட்டு மருந்தில் ஒரே மில்லியிலேயே 100 இருக்கிறது. நீங்கள் ஒன்றை மனதில் வைத்துச் சொன்ன அளவை, வீட்டில் வேறு பாட்டிலை வைத்துக்கொண்டு ஒருவர் ஊற்றுவார். வீடியோவை நீங்கள் திருத்தினாலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதியைத் திருத்த முடியாது.

ஞாயிறு காலை எழுத நாற்பது நிமிடம், எடுக்க ஐம்பது, வெட்டி வசனம் போட நாற்பது, நேரம் குறித்து ஏற்ற இருபது. இந்த வரிசையைக் குலைக்காதீர்கள். ஒன்றை எழுதி, எடுத்து, வெட்டி, பிறகு அடுத்ததற்குப் போனால் ஒவ்வொரு முறையும் மைக் மாட்டி விளக்குப் பார்த்தே நேரம் தீரும். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ஃபோன் கண் உயரத்தில் ஸ்டாண்டில், ஏர்ப்ளேன் மோடில். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே. பத்து வினாடி பேசிப் பதிவு செய்து இயர்ஃபோனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மைக் இணையாமல் ஃபோனின் மைக்கிலேயே நான்கும் பதிவாகி, மொத்தக் காலையும் வீணாவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு டேக்குக்கு மேல் வேண்டாம். கடினமான தலைப்பை முதலில் எடுங்கள். நான்காவதுக்கு வரும்போது குரல் தளர்ந்திருக்கும்.

பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழ் வசனம் தேவை. ஆப் தானாகப் போடும் வசனத்தை அப்படியே விடாதீர்கள். குறிப்பாக எண்களையும், 'கூடாது' 'கூடும்' போன்ற சொற்களையும் நீங்களே ஒருமுறை படித்துவிட வேண்டும்.

ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்து `Meta Business Suite`-இல் நான்கு வாரத்துக்கும் நாள், நேரம் குறித்துவிடலாம். அதற்குத் தனியாகக் காசு கட்டி எந்த ஆப்பும் வேண்டாம். ஆனால் குறித்துவிட்டு மறந்துவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஊரில் டெங்குவில் ஒரு குழந்தை இறந்த அன்று இரவு, "காய்ச்சலுக்குப் பயப்படாதீர்கள்" என்ற உங்கள் வீடியோ தானாக வெளியே வரும். ஆகவே அதை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர் கிளினிக்கில் உங்களைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கான டெங்கு வீடியோவைச் செப்டம்பரிலேயே எடுத்து வையுங்கள். நவம்பரில் உங்கள் ஓபியில் கூட்டம் தெருவில் நிற்கும்போது கேமரா முன் உட்கார முடியாது. எந்தப் பருவத்துக்கும் பொருந்தும் இரண்டு வீடியோ எப்போதும் கையிருப்பில் இருந்தால் ஒரு ஞாயிறு தவறினாலும் பதற வேண்டியதில்லை.

இனி விதிமுறை. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்தான் இன்னும் நடைமுறையில் உள்ளன. நோயாளிகளை நேராகவோ சுற்றி வளைத்தோ அழைப்பது தவறு. பொதுச் சுகாதாரம் பற்றி உங்கள் பெயரில் எழுதலாம், பேசலாம் என்கின்றன அவை. அதனால்தான் 'பக்கத்து ஆஸ்பத்திரி'. 'மாவட்டத்தின் நம்பர் ஒன் குழந்தை மருத்துவர்' என்ற போஸ்டரும், குணமானவர் நன்றி சொல்லும் வீடியோவும் ஏஜென்சிக்காரர் தருகிற பேக்கேஜில் நிச்சயம் இருக்கும். புகார் வந்தால் மருத்துவக் கவுன்சிலில் நிற்பது அவரல்ல, நீங்கள். சமூக ஊடகத்துக்கென்றே வழிகாட்டுதல் சேர்த்துத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது, அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைத்தது. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முன் எழுதிய விதியை வைத்துக்கொண்டு ரீல்ஸ் சரியா தவறா என்று ஒவ்வொரு மருத்துவரும் தானாக ஊகிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாள் இப்படி விட்டு வைத்திருப்பது பொறுப்பற்ற செயல்.

அந்தப் பழைய விதியில் ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியாது என்றால் அனுமதி தேவையில்லை. உடனே ஏஜென்சிக்காரர் "முகத்தை மறைச்சிட்டா போதும் சார்" என்பார். சென்னையில் வேண்டுமானால் போதும். உங்கள் ஊரில் அம்மை போட்ட முதுகில் உள்ள மச்சத்தைப் பார்த்தே பாட்டி சொல்லிவிடுவார். கைக் காப்பு, இடுப்புக் கயிறு, பின்னால் தெரியும் அம்மாவின் சேலை, பதிவு வந்த தேதி எல்லாமே அடையாளம்தான். எக்ஸ்ரேயில்கூட மூலையில் பெயரும் எண்ணும் இருக்கும். அதை வெட்டினாலும், காசை விழுங்கிய குழந்தை அந்த வாரத்தில் ஊரில் ஒன்றுதான் இருந்திருக்கும். பெற்றோரிடம் எழுதி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஓபியில் குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிற்பவர் முடியாது என்று சொல்லமாட்டார். கட்டாயம் வேண்டும் என்றால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு கேளுங்கள். எந்தப் படம், எங்கே வரும், எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம் என்று தமிழில் தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாதாரணமாக இதற்கு அவசியமே இராது. ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஒரு லிட்டர் பாத்திரமும் எந்தக் குழந்தையின் படத்தையும்விட நன்றாக விளக்கும்.

இன்பாக்ஸில் குழந்தையின் மலத்தின் படத்தை அனுப்பி மருந்து கேட்பார்கள். ஒருவருக்குச் சொன்னால் பத்துப் பேர் அதையே வாங்குவார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பதிலைச் சேமித்து வையுங்கள்: "குழந்தையைப் பார்க்காமல் மருந்து சொல்வது ஆபத்து. மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம் என்றால் 108 அழையுங்கள்." ரிசப்ஷனில் இருப்பவர் இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி பதிவு வந்த மறுநாள் பத்து நிமிடம் நீங்கள் பின்னூட்டம் பார்த்தால் போதும்.

வெட்டும் வேலைக்கு மட்டும் ஆள் வைக்க நினைத்தால் தாராளமாக வையுங்கள். வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசி, கோப்பை மட்டும் அனுப்புங்கள். பாஸ்வேர்ட் கொடுக்காதீர்கள். ஏஜென்சி தன் கணக்கில் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் விலகும் நாளில் பக்கத்தையும் அதில் சேர்ந்த ஆட்களையும் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். மீட்டுத் தரச் சொல்லி ஃபேஸ்புக், கூகுள் நிறுவனங்களுக்கு எழுதினால் இயந்திரப் பதில்தான் வரும். இன்றிரவே பாருங்கள்: ஃபேஸ்புக் பக்கத்தின் `Page access`-இல் உங்கள் பெயருக்கு நேரே `Full control` இருக்கிறதா, கூகுள் மேப்பில் கிளினிக்குக்கு `Primary owner` நீங்கள்தானா, அந்தக் கணக்குகளில் உள்ள ஃபோன் எண்ணின் சிம் உங்கள் கையில் இருக்கிறதா. இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், முதல் வீடியோ எடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.