எட்டு இடியப்பத்தில் எவ்வளவு புரதம்?

"ஜிம் முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எவ்வளவு புரதம், எவ்வளவு மாச்சத்து சாப்பிட வேண்டும்? இரவில் வீட்டில் இடியப்பம்தான்."

வேலை முடித்து ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான். ஏழரைக்குக் கொக்குவிலில் வீடு வந்து எட்டு இடியப்பம், கிழங்குச் சொதி, சம்பல். வயிறு முட்டும். ஆனால் பதினொரு மணிக்குத் திரும்பப் பசி, தூக்கும் எடையும் மாதக்கணக்கில் ஏறவில்லை. ஜிம் மாஸ்டர் பவுடர் டின் வாங்கச் சொன்னார். அந்த விலைக்கு ஒரு மாத மீன் வாங்கலாம்.

ஒரு நாள் அம்மா மா குழைக்கும்போது தராசைக் கொண்டுபோய் வைத்தேன். "என்ன, கடை போடப் போறியோ?" என்றார். எட்டு இடியப்பத்துக்கு 100 கிராம் அரிசிமா. அதில் மாச்சத்து கிட்டத்தட்ட 80 கிராம், புரதம் வெறும் 7. தேங்காய்ப்பாலில் வருவது பெரும்பாலும் கொழுப்பு. பிழை அங்கேதான்.

என் எடை 62 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 கிராம் புரதம் என்றால் 19 முதல் 25 கிராம். மாச்சத்து கிலோவுக்கு 1 கிராம் அளவில் எனக்குப் போதும். ஆக, இடியப்பத்தை ஆறாக்கினேன்: மாச்சத்து 60, புரதம் 5. மிச்சத்துக்கு மூன்று அவித்த முட்டை, 18 கிராம். மொத்தம் 23. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம், முட்டையும் இல்லை. அன்றைக்கு 40 கிராம் சோயா மீற், ஊற வைக்கமுன் நிறுத்தது. அதில் சுமார் 20 கிராம் புரதம்.

மீன் என்றால் 100 கிராம் பச்சைச் சதையில் 20 கிராம் வரும். சதையில், கவனியுங்கள். தலை, குடல், முள்ளோடு நிறுத்துவிட்டுக் கணக்குப் போட்டு நான் ஏமாந்திருக்கிறேன். சந்தையில் ஒருவர் ஐஸ் தண்ணியையும் சேர்த்து நிறுக்கிறார், கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார். அது வேறு கதை.

"இரண்டு மணித்தியாலம் எல்லாம் கட்டுக்கதை, நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்தப் புரதம்தான் முக்கியம்" என்று யாராவது வருவார்கள். மொத்தம்தான் முக்கியம், நானும் மறுக்கவில்லை. ஐந்து மணிக்கு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் அவசரப்படத் தேவையில்லை. ஆனால் நான் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு சாப்பிட்டவன். வீடு வரும்போது ஏழு மணித்தியாலம் ஆகிவிடும், அதனால் தள்ளிப்போடுவதில்லை. மாச்சத்துக்கு அந்த அவசரமும் இல்லை, அதே நாளில் திரும்ப ஓடவோ விளையாடவோ போகிறவர்களைத் தவிர. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என் கணக்கைப் பார்க்காமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

இப்போது பதினொரு மணிப் பசி இல்லை. அம்மாவுக்குத்தான் மிச்ச இரண்டு இடியப்பத்தை நினைத்துக் கவலை.