ஸ்டாக் எடுக்கும் இரவும் ஓ.டி. கணக்கும்

"தண்டையார்பேட்டையில் சிறிய சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மார்ச் 31 இரவு பத்துக்குச் சாத்தி ஸ்டாக் எடுத்து, காலையில் திறக்க வேண்டும். பகலில் வந்தவர்களையே இரவும் நிறுத்தலாமா? எவ்வளவு கொடுக்க வேண்டும்?"

நிறுத்தக் கூடாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது சரியாகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம், ஓ.டி. சேர்த்தாலும் 10. இடைவேளை உட்பட, வந்ததிலிருந்து போகும்வரை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

"பன்னிரண்டு அடித்தால் புது நாள், கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்" என்று சில கணக்கர்கள் சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள். வேலை நள்ளிரவைத் தாண்டினால், அதைத் தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான் ஒரு நாள் என்று சட்டமே சொல்கிறது. இரவு 10க்கு வந்தவருக்கு மறுநாள் இரவு 10 வரை அதே நாள்தான். காலையில் அவரையே கல்லாவில் உட்கார வைக்க முடியாது.

அதனால் ஐந்து பேருக்கு 31 பகலில் ஓய்வு கொடுத்து இரவு வரச் சொல்லுங்கள். மற்ற நால்வர் முன்பின்னாக வந்து பகலைப் பார்க்கட்டும். 10 முதல் 2 வரை எண்ணலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஒரு மணி நேர இடைவேளை கட்டாயம், பத்து நிமிட டீ அதில் சேராது. 3 முதல் 7 வரை மீதி. எட்டு மணி நேரம் முடிந்தது, ஓ.டி. இல்லை. கணக்கு ஒட்டாமல் 8.30 வரை இழுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓ.டி., இரட்டைச் சம்பளம். நாள் கூலி 600 என்றால் மணிக்கு 75, ஓ.டி. மணிக்கு 150, ஆளுக்கு 225 ரூபாய். பிரியாணி பொட்டலம் இதில் கழியாது.

மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த நேரக் கணக்கு பொருந்தாது. உடனே எல்லோரையும் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறார்கள்! சாவி வைத்திருப்பதால் ஒருவர் மேனேஜர் ஆகிவிட மாட்டார். லீவு கொடுப்பது, ஆள் எடுப்பது, கொள்முதல் முடிவு செய்வது இதெல்லாம் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஓ.டி. உண்டு. பல கடைகளின் பதிவேட்டில் எல்லோருக்கும் 9 முதல் 6 என்று அச்சடித்த மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அலுத்துவிட்டது.

"ராத்திரிக்கு பத்து பையன்கள் தருகிறேன்" என்று வரும் ஆள் சப்ளை புரோக்கர் இன்னொரு தொல்லை. மொத்தத் தொகையை அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டால், ஸ்டாக் எண்ணிய பையன்கள் கூலி கேட்டு உங்கள் ஷட்டர் முன்தான் நிற்பார்கள்.

காலை ஒன்பதுக்குத் திறப்போம் என்று இரண்டு நாள் முன்பே போர்டு வையுங்கள். சாத்தும்போது கடைசி பில் எண்ணையும் கடைசியாக வந்த சரக்கின் சீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வரும் பால் டிரேக்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் தனியே வைத்து, மறுநாள் வரவில் எழுதுங்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது ஷட்டரை வெளியிலிருந்து பூட்டாதீர்கள்.