20 நிமிடம், 6 ஸ்லைடு: குடியிருப்புக் கூட்டத்தில் பி.பி. பற்றிப் பேச ஒரு வரைவு

கேள்வி: எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ரத்த அழுத்தம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. இணையத்தில் படித்து 24 ஸ்லைடு செய்துவிட்டேன், எனக்கே குழப்பமாக இருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது? சாதாரண ஆட்களுக்குப் புரிகிற உதாரணங்களும் சொல்லுங்கள்.

பதில்:

ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? பி.பி. விஷயத்தில் அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: "இந்த வாரத்துக்குள் ஒருமுறை சரியான முறையில் பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது." இந்த இரண்டுக்கும் உதவாத ஸ்லைடு எதுவானாலும் எடுத்துவிடுங்கள். இதயத்தின் படம், வகைகளின் பட்டியல், மருந்துப் பெயர்கள், உலகப் புள்ளிவிவரம் எல்லாம் போய்விடும். ஆறு ஸ்லைடு மிஞ்சும். 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்விகள்.

முதல் ஸ்லைடில் தலைப்பு வேண்டாம், கேள்வி போடுங்கள்: "உங்கள் பி.பி. எவ்வளவு? கடைசியாகப் பார்த்தது எப்போது?" கை தூக்கச் சொல்லாதீர்கள், அக்கம்பக்கத்தார் முன்னால் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள். மனதுக்குள் பதில் தேட 10 வினாடி விட்டால் போதும். பதில் தெரியாதவருக்கு இந்தப் பேச்சு தனக்கானது என்று அப்போதே புரிந்துவிடும். இதற்கு 2 நிமிடம்.

இரண்டாவது ஸ்லைடு: "பி.பி. கூடினாலும் உடம்பு சொல்லாது." தலைவலி வந்தால்தான், தலை சுற்றினால்தான் பி.பி. என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை, அளந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே தண்ணீர்க் குழாய் உதாரணம் கைகொடுக்கும். மோட்டார் தேவைக்கு மேல் அழுத்தித் தள்ளிக்கொண்டே இருந்தால் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வரும். வருடக்கணக்கில் போகும்போது இணைப்புகள் தளரும், மோட்டாரும் தேயும். அதுபோலத்தான் மூளை, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் இதயமும்.

ஆனால் இந்த உதாரணத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். "குழாயில் அழுக்குப் படிகிறது" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால், "அழுக்கைக் கழுவிவிட என்ன குடிக்கலாம்?" என்ற கேள்வி வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எந்த உதாரணமானாலும், கேட்பவர் அதை இன்னும் ஒரு படி நீட்டினால் எங்கே போய் நிற்பார் என்று முன்கூட்டியே யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஸ்லைடுதான் பேச்சின் மையம், 5 நிமிடம் கொடுங்கள். எழுத்தே வேண்டாம், இரண்டு படம் போதும். ஒன்றில் கால் மேல் கால் போட்டு, கையைத் தொங்கவிட்டு, சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே அளக்கும் ஒருவர். மற்றொன்றில் முதுகு நாற்காலியில் சாய்ந்து, இரு பாதமும் தரையில் படிந்து, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க, வெறும் கையில் பட்டை கட்டி, வாய் மூடி உட்கார்ந்திருப்பவர். "முதல் படத்தில் என்னென்ன தப்பு?" என்று கேளுங்கள். கூட்டமே பதில் சொல்லும், நீங்கள் காரணத்தை மட்டும் சேர்த்தால் போதும்.

கை உயரத்தை ஏன் அவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பட்டை கட்டிய இடம் இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் சேர்ந்து அளவு ஏறக்குறைய 8 கூடிவிடும். உண்மையில் 134 இருப்பவருக்கு 142 காட்டும். மேல்தளத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கீழ்த்தளக் குழாயில் வேகமாகக் கொட்டுவதும் இதே காரணத்தால்தான் என்று சொன்னால் யாருக்கும் புரியும். கைக்குச் சிறியதான பட்டையும் அளவைக் கூட்டிக் காட்டும். பருமனான கை உள்ளவர் பெரிய பட்டை கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளக்கலாம். ஓர் உதாரணத்தைக் கரும்பலகையிலோ சார்ட்டிலோ கையால் எழுதிக் காட்டுங்கள். முதல் முறை 152/94, அடுத்து 144/90, அடுத்து 142/88. முதல் அளவு பெரும்பாலும் சற்றுக் கூடவே இருக்கும், அதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுத்தால் 143/89. ஸ்லைடில் தயாராக வரும் எண்ணைவிட கண்ணெதிரே எழுதிக் கூட்டும் எண் மனதில் நிற்கும்.

அதே 143/89 உங்களை நான்காவது ஸ்லைடுக்குக் கொண்டுபோகும். அதில் பெரிதாக 140/90 மட்டும். இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து, இரண்டு நாளும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்கிறார்கள். நம் உதாரணத்தில் கீழ் எண் 89தான், ஆனால் மேல் எண் 143. இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும் என்பதால் இவர் இன்னொரு நாளும் அளந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே நாள் அளவை வைத்து "எனக்கு வியாதி" என்றும் முடிவு கட்டக் கூடாது, "எனக்கு ஒன்றுமில்லை" என்றும் விட்டுவிடக் கூடாது. "வயசு கூட நூறு" என்ற பழைய கணக்கை யாராவது கேட்பார்கள். அந்தக் கணக்குப்படி 70 வயதுக்காரருக்கு 170 சரி என்றாகிவிடும், அது தவறு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது ஸ்லைடு உப்பு. "உப்பைக் குறையுங்கள்" என்று போட்டால் "நாங்க குறைச்சுத்தான் போடுறோம்" என்று எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். எண் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஒரு தேக்கரண்டியில் உப்பை எடுத்து, விரலால் வழித்துக் காட்டுங்கள். பிறகு வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 10 கிராம், அதாவது இரண்டு மடங்கு. வடித்துக் கொட்டும் தண்ணீரில் கொஞ்சம் போகும், வெளியே வாங்கிச் சாப்பிடுவதில் கொஞ்சம் வரும், ஆகவே இது துல்லியக் கணக்கு இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஆனால் உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதி வைப்பது யார் வீட்டிலும் முடியும்.

பாக்கெட் உணவுக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: அட்டையில் உள்ள சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அந்த 100 கிராம் பாக்கெட்டை ஒருவரே முடித்தால் ஒரு நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே தீர்ந்தது. சோடியம் குறைந்த உப்பு பற்றிக் கேட்பவர் நிச்சயம் இருப்பார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பி.பி. மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

ஆறாவது ஸ்லைடு: "அளவு சரியானது மாத்திரையால். நீங்களாக நிறுத்தாதீர்கள்." குடை படம் ஒன்று போடுங்கள். குடை பிடித்திருக்கும்வரை நனையமாட்டோம். நனையவில்லையே என்று குடையை மடக்கினால், மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருக்கும். தங்கள் மாத்திரையைப் பற்றித் தனித்தனியாகக் கேட்பவர்களுக்கு, "உங்கள் அளவுகளை ஒரு வாரம் எழுதிக்கொண்டுபோய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்ற ஒரே பதில்தான். டாக்டர் இல்லாதவர் அதைத் தாண்டிச் சொல்லக் கூடாது, அப்படிச் சொல்வதில் குறைவும் ஒன்றுமில்லை.

ஸ்லைடு செய்யும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். எழுத்து 36 புள்ளிக்குக் குறையாமல், ஒரு ஸ்லைடில் பத்துச் சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடக்கும் இடம் இருட்டாக இருக்காது என்பதால் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து நல்லது. தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்குள்ள கணினியில் இல்லையென்றால் எழுத்துகள் கட்டங்கட்டமாகத் தெரியலாம், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, PDF ஆகவும் ஒரு பிரதி சேமித்துப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். மின்சாரம் போனாலும் பேச்சு நிற்கக் கூடாது, அதற்காக ஆறு வாக்கியங்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்குப் பிறகு பி.பி. பார்க்க ஏற்பாடு இருந்தால், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை அழைத்து, மேசையை ஓசையில்லாத மூலையில் போடுங்கள். பக்கத்தில் ஐந்தாறு நாற்காலி போட்டால் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே அந்த 5 நிமிட ஓய்வாகிவிடும். அளவை உரக்கச் சொல்லாமல், தேதியோடு ஒரு சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுக்க வேண்டும். யாருக்காவது 180/120 அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி அளக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் பலமிழப்பது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் மறு அளவுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ். அறிகுறி ஏதுமில்லை, ஆனால் அளவு அப்படியே நிற்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கூட ஒருவரையும் அனுப்புங்கள். அந்த ஆம்புலன்ஸ் எண்ணும், பக்கத்து மருத்துவமனை எண்ணும் கூட்டம் தொடங்கும் முன்பே அந்த மேசையில் ஒட்டியிருக்க வேண்டும்.